தணிக்கைக்கு எந்தக் கிழமை செல்வது?

வெளியில் வேலை கொடுத்து வாங்கும் சிறுதொழில் நிறுவனங்கள் பலவற்றுக்கு, ஆண்டுக்கு ஒரு முறையேனும் சப்ளையரின் தொழிற்கூடத்துக்குச் சென்று தரத் தணிக்கை செய்யும் வழக்கம் உண்டு. அந்த நாளைக் குறிக்கும்போது நம்மில் பெரும்பாலோர் பார்ப்பது இரண்டையே: நமக்கு என்று ஓய்வு, அவருக்கு என்று ஓய்வு. இருவருக்கும் ஓய்வான ஒரு நாள் குறிக்கப்படுகிறது. ஓய்வான நாளில் தொழிற்கூடமும் ஓய்வாகவே இருக்கும். அங்கே காண்பதற்குக் குறை ஒன்றும் இராது. தணிக்கை நாள் என்பது வேலையின் மிகவும் நெருக்கடியான மணி நேரத்தை ஒட்டிக் குறிக்கப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து. இக்கருத்தை நாங்கள் எளிதாகப் பெற்றுவிடவில்லை. ஒரு லாட் போல்ட்டுகளையும், அவற்றுக்குரிய மூன்று மாதப் பணப்புழக்கத்தையும் விலையாகக் கொடுத்தே பெற்றோம்.

நாங்கள் புணேயை அடுத்த போசரி தொழிற்பேட்டையில் ஆலன் போல்ட் செய்கிறோம். கம்பியை வெட்டித் தலை அடிப்பதும், மரை உருட்டுவதும், வெப்பப் பதப்படுத்துவதும் எங்கள் கூடத்திலேயே நடைபெறுகின்றன. துத்தநாக முலாம் மட்டும் வெளியே, அரை மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு சிறு கூடத்தில் பூசப்படுகிறது. அக்கூடத்துக்கு எங்கள் தர மேலாளர் ஆண்டுதோறும் சென்று வந்தார். கடைசியாக அவர் சென்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணி. அலுவலக அறையில் கோப்புகளைப் பார்த்து, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மதிய உணவுக்குப் பின் 100க்கு 92 மதிப்பெண் இட்டுத் திரும்பினார். அதற்கு ஐந்தாம் மாதம், சாக்கனிலுள்ள ஒரு வாடிக்கையாளரிடமிருந்து தொலைபேசி வந்தது. சனிக்கிழமை முறுக்கிவிட்டுப் போன 640 போல்ட்டுகளில் ஒன்பதின் தலைகள் திங்கட்கிழமை காலை தரையில் கிடந்தன. யாரும் தொடவில்லை. இயந்திரம் ஓடவும் இல்லை. தாமாகவே முறிந்திருந்தன.

முறிவின் காரணம்

அவை 12.9 தர போல்ட்டுகள். இந்த எண்ணின் முதற்பகுதி, ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு ஏறத்தாழ 120 கிலோ இழுவையைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. இவ்வளவு வலிமை பெற எஃகை ராக்வெல் சி அளவில் 39 முதல் 44 வரை கடினமாக்க வேண்டும். அவ்வாறு கடினமான எஃகுக்கு ஹைட்ரஜனே பகை. முலாமுக்கு முன் துருவையும் செதிலையும் நீக்க போல்ட்டை அமிலத்தில் முக்கும்போது ஹைட்ரஜன் தோன்றுகிறது. பின்னர் முலாம் தொட்டியில் மின்சாரம் பாயும்போதும் தோன்றுகிறது. அதில் ஒரு சிறு பங்கு எஃகினுள் புகுந்துவிடுகிறது. மேலே படியும் துத்தநாகம் அது வெளியேற விடாமல் மூடிக்கொள்கிறது. போல்ட்டை முறுக்கியவுடன், இழுவை மிகுதியாக உள்ள இடத்தை நோக்கி அந்த ஹைட்ரஜன் மெல்ல நகர்ந்து, எஃகின் மணிகளுக்கு இடையிலுள்ள பிணைப்பைத் தளர்த்துகிறது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தலை முறிகிறது.

இதைத் தடுக்க, முலாமிட்ட போல்ட்டுகளைத் தாமதமின்றி ஓவனில் வைத்து, 190 முதல் 220 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் பல மணி நேரம் வைத்திருப்பது வழக்கம். முலாம் முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் ஓவனில் வைக்க வேண்டும் என்பது தொழிலில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. எத்தனை மணி நேரம் வைப்பது என்பதில் தரநிலைகள் வேறுபடுகின்றன. எங்கள் வரைபடத்தில் பத்து மணி நேரம் என எழுதியிருந்தோம். ஓவனுக்குப் பின்னரே நிறமேற்றும் குரோமேட் குளியல் கொடுக்கப்பட வேண்டும். முன்பே கொடுத்தால் ஓவனின் சூட்டில் அந்தப் படலம் கெட்டுவிடும்.

இக்குறையை வழக்கமான சோதனைகள் காட்டுவதில்லை. அந்த லாட்டின் கடினத்தன்மை 42. உரிய எல்லைக்குள்ளேயே இருந்தது. இழுவைச் சோதனையிலும் தேறியது. அச்சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால், ஹைட்ரஜன் நகர்ந்து சேர அதில் நேரமில்லை. போல்ட்டை முறுக்கி 48 மணி நேரம் அப்படியே வைத்துப் பார்க்கும் சோதனையே இதை வெளிப்படுத்தும். அதுவும் எடுத்த மாதிரிகளைப் பற்றி மட்டுமே சொல்லும். ஆகவே, முடிந்த பொருளைச் சோதித்து மட்டும் இக்குறையைப் பிடிக்க முடியாது. வேலை நடக்கும் விதத்தையே நேரில் காண வேண்டும். தணிக்கைப் பயணம் சடங்காக அன்றித் தேவையாக ஆவது இங்கேதான்.

முதல் ஆவணம் நம் வாசலில்

அந்த லாட்டைப் பற்றி முலாம் கூடத்திடம் கேட்டோம். வந்த ஜாப் கார்டில் தேதி மட்டுமே இருந்தது, நேரம் இல்லை. ஓவனில் பத்து மணி நேரம் என்று எழுதிக் கையொப்பமும் இடப்பட்டிருந்தது. சினம் மேலிட்டது உண்மை. ஆயினும் அங்கே புறப்படுவதற்கு முன், எங்கள் வாசலில் காவலர் எழுதும் வெளிச்செல்லும் பதிவேட்டையும் உள்வரும் பதிவேட்டையும் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தோம்.

லாட் எங்கள் கூடத்திலிருந்து புறப்பட்டது புதன்கிழமை மாலை 5.40. திரும்பி வந்தது வெள்ளிக்கிழமை மாலை 4.15. எங்கள் வட்டாரத்தில் பல தொழிற்கூடங்களுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. முலாம் கூடத்துக்கும் அவ்வாறே. புதன் மாலை அங்கே சேர்ந்த லாட், அமிலமும் முலாமும் முடித்துத் தொட்டியை விட்டு வெளிவர இரவு 8 மணி ஆகும். ஷிஃப்ட் 9 மணிக்கு முடிகிறது. அப்போது ஓவனில் வைத்தால் விடுமுறை நாளின் காலையில் எடுக்க ஆள் வேண்டும். வைத்திருக்க மாட்டார்கள். வெள்ளி காலை 8 மணிக்குத்தான் வைத்திருப்பார்கள். அதாவது நான்கு மணி நேரத்துக்குள் வைக்க வேண்டியதை 36 மணி நேரம் கழித்து வைத்திருக்கிறார்கள். இனிப் பத்து மணி நேரக் கணக்கைப் பார்ப்போம். ஓவன் சூடேற ஏறத்தாழ ஒரு மணி நேரம், குரோமேட் குளியலுக்கும் உலர்த்தவும் கட்டவும் கொண்டுவரவும் இரண்டு மணி நேரம். எனில் 9 மணி முதல் 2.15 மணி வரை, ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல் அவை சூட்டில் இருந்திருக்க இயலாது.

இவ்வளவையும் சொன்னவை எங்கள் பதிவேடுகளே. ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள் இது: சப்ளையரிடம் கேட்கும் ஆவணங்களின் பட்டியலை எழுதுமுன், உங்கள் வாசல் பதிவேட்டிலிருந்தும் டெலிவரி சலான்களிலிருந்தும் கடந்த மூன்று மாதங்களின் ஏழெட்டு லாட்டுகளுக்குப் புறப்பட்ட நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வேண்டிய குறைந்தபட்ச நேரத்தை அதனோடு ஒப்பிடுங்கள். எங்கே கணக்கு இடிக்கிறதோ, அங்கேதான் தணிக்கைக்குரிய கிழமையும் மணியும் இருக்கின்றன. எங்களுக்கு அது புதன் மாலையாக இருந்தது. மழைக்காலத்தில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பும் கூடம் ஒன்றுக்கு அது ஆகஸ்ட் மாதமாக இருக்கலாம். மாதக் கடைசியில் அவசரம் கூடும் இன்னொன்றுக்கு 30ஆம் தேதியாக இருக்கலாம்.

சொல்லாமல் செல்வதா?

இத்தகைய சூழலில் முன்னறிவிப்பின்றிச் சென்று பிடிக்க வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கூறினர். நாங்கள் அதை ஏற்கவில்லை. சொல்லாமல் சென்றால் உரிமையாளர் வங்கிக்குப் போயிருப்பார், வேதியியலாளருக்கு விடுப்பாக இருக்கும், ஆவண அலமாரியின் சாவி வேறொருவரிடம் இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக நம் லாட் அன்று தொட்டியில் இராது. பிடிபட்டவர் என்ற உணர்வோடு நிற்கும் மனிதரிடமிருந்து உண்மையும் வராது.

சொல்லிவிட்டுச் சென்றால் எல்லாவற்றையும் ஒழுங்காக்கி வைத்துவிட மாட்டார்களா என்பது நியாயமான ஐயம். தரையைக் கழுவலாம், புதிய பலகைகளை மாட்டலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு முந்திய ஓவன் வரைபடத்தை, அதே நாளின் ஜாப் கார்டோடும், மின்கணக்கோடும், நம் வாசல் பதிவேட்டோடும் பொருந்துமாறு மாற்றி எழுதுவது எளிதன்று. ஆகவே நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த லாட்டுகளின் ஆவணங்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் அங்கே சென்ற பின் சொல்லுங்கள்.

நாங்கள் நான்கு வாரங்களுக்கு முன் கடிதம் எழுதினோம். நோக்கம், தேதி, தொடங்கும் நேரம், பார்க்கவிருக்கும் இடங்கள், உடனிருக்க வேண்டியவர்கள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் குறிப்பிட்டோம். முறிந்த லாட்டைப் பற்றியும் மறைக்காமல் எழுதினோம். இரண்டு வாரங்களுக்கு முன் நிலையான ஆவணங்களின் படிகளை வாங்கிக்கொண்டோம். ஒரு வாரத்துக்கு முன், புதன் மாலை 300 போல்ட் கொண்ட சிறு லாட்டை வழக்கம்போலவே அனுப்புவோம், அதை வழக்கம்போலவே நடத்த வேண்டும், அந்த லாட் கெட்டாலும் இழப்பு எங்களுடையது என்று உறுதி கூறினோம். இந்தக் கடைசி வரி இல்லாமல் வழக்கத்தைக் காண முடியாது. பயணத்தை இரண்டாகப் பிரித்தோம்: புதன் மாலை 4 முதல் 9 வரை, பின்னர் வெள்ளி காலை 8 முதல் மாலை வரை.

ஆவணங்களில் எதைப் பார்ப்பது

ஆவணங்களை இரு வகையாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முன்கூட்டியே வாங்கி அலுவலகத்திலேயே படிக்கக்கூடியவை ஒரு வகை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும் அபாயக் கழிவு அனுமதியும், ஓவனின் வெப்பமானிகள் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளவு சரிபார்க்கப்பட்டதற்கான சான்றுகள், வேலையின் ஒவ்வொரு படிக்கும் எழுதப்பட்ட கட்டுப்பாட்டுத் திட்டம் ஆகியன இதில் அடங்கும். இசைவாணையின் கடைசித் தேதியைக் கட்டாயம் பாருங்கள். அது காலாவதியாகி வாரியம் கூடத்தை மூடிவிட்டால், உங்கள் பொருளும் பூட்டிய கதவுக்குள்ளேயே நிற்கும். அந்நேரத்தில் மாற்றுக் கூடம் தேடுவது கடினம்.

அங்கேயே, வேலையின் அருகில் நின்று பார்க்க வேண்டியவை மற்றொரு வகை. ஜாப் கார்டு, அமிலத் தொட்டியின் அன்றாடக் குறிப்பேடு, ஓவனின் வெப்ப வரைபடம் ஆகிய மூன்றும் எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன. இவற்றைத் தனித்தனியாகப் படித்தால் மூன்றும் நன்றாகவே இருக்கும். ஒரே லாட்டுக்குரிய மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் பேசும். ஓவனின் கதவைத் திறந்து குளிர்ந்த சரக்கை வைக்கும்போது வெப்பம் சட்டென இறங்கி மெல்ல ஏறும். வரைபடத்தில் அது பள்ளமாகத் தெரியும். ஜாப் கார்டுகளின்படி ஒரே நாளில் நான்கு முறை சரக்கு வைத்திருக்க, வரைபடத்தில் இரண்டே பள்ளங்கள் இருந்தால், இரண்டு லாட்டுகள் ஓவனைக் காணவில்லை என்று பொருள். ஒரு வாரத்துக் குறிப்புகள் முழுவதும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தால், அவை அவ்வப்போது அல்ல, ஒரே அமர்வில் எழுதப்பட்டவை. வாகனத் துறையில் முலாம் கூடங்களுக்கென்றே சி.க்யூ.ஐ-11 என்னும் சோதனைப் பட்டியல் உண்டு. அதிலும் கோப்புகளோடு நில்லாமல் நடப்பு லாட் ஒன்றைத் தொடர்ந்து செல்லும் பகுதி தனியாக உள்ளது. நேரம் குறைவானால் அப்பகுதியை முதலில் செய்யுங்கள்.

எங்கே நிற்பது

கூடத்தை வாசலிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றுவதைவிட, நம் பொருள் செல்லும் வழியே அதனுடன் செல்வது நல்லது. எங்கள் போல்ட்டுக்கு மூன்று இடங்கள் முக்கியமாக இருந்தன.

முதலாவது அமிலத் தொட்டி. எவ்வளவு நேரம் முக்குகிறார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தோம். குறிப்பேட்டில் எட்டு நிமிடம் என்றிருந்தது. எங்கள் லாட் 20 நிமிடம் கிடந்தது. காரணம் கேட்டபோது தொட்டியில் நின்ற தொழிலாளி ஒரு போல்ட்டை எடுத்துக் காட்டினார். வெப்பப் பதப்படுத்தலின் கரிய செதில் அதன் மரைகளுக்கிடையே அப்படியே இருந்தது. அந்தச் செதிலை அனுப்பியவர்கள் நாங்கள். அமிலத்தில் நீண்ட நேரம் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஹைட்ரஜனைக் கூட்டுகிறது. எங்கள் கூடத்திலேயே சிறு எஃகுக் குண்டுகளைப் பீய்ச்சிச் செதிலை நீக்கி அனுப்பினால், எட்டு நிமிடமே போதும்.

இரண்டாவது, முலாம் பேரலுக்கும் ஓவனுக்கும் இடைப்பட்ட தரை. தணிக்கையாளர்கள் பெரும்பாலும் கடந்து செல்லும் இடம் இது. அங்கே இயந்திரம் ஏதுமில்லை, பிளாஸ்டிக் கூடைகள் மட்டுமே இருந்தன. நம் லாட் எங்கே, எப்போதிலிருந்து காத்திருக்கிறது என்பதை அந்தக் கூடைகளைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி. முடியவில்லை. எங்கள் 300 போல்ட்டும் இரவு 8.10க்கு அங்கே வந்து நின்றன. வெள்ளி காலை நாங்கள் சென்றபோதும் அங்கேயே நின்றன.

மூன்றாவது ஓவன். அதன் சுவரிலுள்ள வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டுகிறது, போல்ட்டின் வெப்பத்தை அன்று. ஒரு வெப்பமானிக் கம்பியை எடுத்துச் சென்று கூடையின் நடுவே, போல்ட் குவியலுக்குள் வைத்தோம். நாற்பதாம் நிமிடத்தில் ஓவனின் வரைபடம் 200 டிகிரியைத் தொட்டது. குவியலின் நடுப்பகுதி 190ஐத் தொட ஒரு மணி 50 நிமிடம் ஆயிற்று. ஓவனின் மணியை நம்பிப் பத்து மணி நேரம் எண்ணினால், நடுவிலுள்ள போல்ட்டுக்கு ஒன்பதுக்கும் குறைவாகவே கிடைக்கும். கூடையில் அரையளவே நிரப்புவது, சரக்கு வெப்பத்தைத் தொட்ட பின்னரே மணியை எண்ணத் தொடங்குவது என்னும் இரு எளிய விதிகள் இதற்குப் போதும்.

யார் உடனிருக்க வேண்டும்

முன்பெல்லாம் எங்கள் தர மேலாளரும் அவர்களுடைய தர அலுவலரும் அமர்ந்து பேசினர். இருவரும் பகல் நேரத்தவர்கள். நான்கு மணி நேர வரம்பு மீறப்பட்டதோ இரவில். இம்முறை அவர்கள் தரப்பில் இரண்டாம் ஷிஃப்ட் மேற்பார்வையாளர், ஓவனைக் கவனிப்பவர், தொட்டிகளைச் சோதிக்கும் வேதியியலாளர், வெப்பமானிகளைப் பராமரிக்கும் மின்பணியாளர் ஆகியோர் அவரவர் இடத்திலேயே இருக்கும்படி கேட்டுக்கொண்டோம். உரிமையாளர் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்தால் போதும். அவர் உடன் நடந்தால் தொழிலாளர்கள் அவர் முகத்தைப் பார்த்தே விடை சொல்வார்கள். ஆனால் முடிவில் அவர் கட்டாயம் இருக்க வேண்டும். செலவுக்கு ஒப்புதல் தரக்கூடியவர் அவர் ஒருவரே.

எங்கள் தரப்பில் மூவர் சென்றோம்: தர மேலாளர், வெப்பப் பதப்படுத்தல் பொறுப்பாளர், சரக்கு அனுப்பும் பொறுப்பாளர். கொள்முதல் மேலாளரை அழைத்துச் செல்லவில்லை. விலை பேசுபவர் அருகில் இருந்தால் ஒவ்வொரு குறையும் விலைக்குறைப்புக்கான காரணமாகத் தோன்றும். பிறகு யாரும் குறையைக் காட்ட மாட்டார்கள். சரக்கு அனுப்புபவரை ஏன் அழைத்துச் சென்றோம் என்பது வெள்ளிக்கிழமை மாலை முடிவுக் கூட்டத்தில் விளங்கியது.

36 மணி நேரத் தாமதத்தை நாங்கள் மேசைமேல் வைத்தபோது உரிமையாளர் மறுக்கவில்லை. "சாகேப், நீங்கள் புதன் மாலை அனுப்பி வெள்ளி மாலை கேட்கிறீர்கள். நடுவில் விடுமுறை. அந்தப் பத்து மணி நேரத்தை நான் எங்கே தேடுவேன்? இயலாது என்று சொன்னால் வேறு கூடத்துக்குப் போய்விடுவீர்கள்" என்றார். எங்கள் சரக்குப் பொறுப்பாளர் தலைகுனிந்தார். அவரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. வாரக் கடைசி விற்பனைக் கணக்குக்காக வெள்ளி மாலை சரக்கு வேண்டும் என்று வற்புறுத்தியவர்கள் நாங்களே. ஜாப் கார்டில் உண்மையல்லாத பத்து மணி நேரத்தை எழுதியது அவர்களுடைய பிழை. அதில் ஐயமில்லை, அதை அவர்களும் ஒப்புக்கொண்டனர். ஆனால் உண்மையை எழுதினால் வேலை போய்விடும் என்ற நிலையை உருவாக்கியது எங்கள் பிழை.

அன்று எழுதிக் கையொப்பமிட்டவை நான்கே. புதன்கிழமை காலை 10 மணிக்குப் பின் 12.9 தர லாட் எதையும் நாங்கள் அனுப்ப மாட்டோம். செதில் நீக்கியே அனுப்புவோம். தொட்டியிலிருந்து எடுத்த நேரம், ஓவனில் வைத்த நேரம், எடுத்த நேரம் ஆகிய மூன்றுக்கும் ஜாப் கார்டில் தனிக் கட்டங்கள் இருக்கும். நான்கு மணி நேரத்துக்குள் ஓவனில் இடமில்லையெனில், முலாமைத் தொடங்காமல் நிறுத்திவைக்க இரண்டாம் ஷிஃப்ட் மேற்பார்வையாளருக்கு அதிகாரம் உண்டு, அதற்காக எங்கள் தரப்பிலிருந்து யாரும் அவரைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரும் தேதியும் எழுதினோம். மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒரு புதன் மாலை சென்றோம். அப்போது ஒன்றரை மணி நேரமே தேவைப்பட்டது. எட்டு லாட்டுகளின் கார்டுகளை எங்கள் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தோம், பொருந்தின. ஒரு கார்டில் மட்டும் 'ஓவன் நிரம்பியுள்ளது, முலாம் நாளைக்கு' என்றிருந்தது. அந்த ஒரு வரியே எங்களுக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நான்கு மணி நேரம் என்பது மந்திர எண் அன்று. அதற்குள் வைத்தால் ஆபத்து குறையும், முற்றிலும் நீங்கிவிடாது. கடினத்தன்மை கூடக்கூட அந்த எச்சமும் கூடும். ஆகவே, உயிர்ப் பாதுகாப்பைச் சார்ந்த இடங்களில் பொருத்தப்படும் 12.9 போல்ட்டுகளுக்கு, மின்சாரமின்றிப் பூசப்படும் ஜிங்க் ஃபிளேக் பூச்சுக்கு மாறுமாறு வாடிக்கையாளருக்கு எழுதியிருக்கிறோம். விலை கூடுதல், பூசும் கூடமும் தொலைவு. சில வேளைகளில் தணிக்கை, சப்ளையரைத் திருத்தச் சொல்வதைவிட நம் வரைபடத்தைத் திருத்தச் சொல்கிறது.

வங்கிக் கணக்கில் இதன் தடம்

இவ்விதழின் வாசகர்களுக்கு இன்னொரு செய்தியும் பொருந்தும். திரும்பி வந்த 12,000 போல்ட்டும் எங்கள் கூடத்தில் கிடந்தாலும், கேஷ் கிரெடிட் கணக்குக்கான மாத இருப்புப் பட்டியலில் அவற்றைக் காட்ட இயலவில்லை. நிராகரிக்கப்பட்ட சரக்கு எடுப்பு வரம்புக்குக் கணக்கில் வராது. வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய பணமும் நின்றது. இருபுறமும் வரம்பு சுருங்கிய அந்த மாதங்களில் கம்பி வாங்கவே தடுமாறினோம்.

அந்நிலையில் முலாம் கூடத்தின் பில்லை நிறுத்திவைக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. சட்டம் அவ்வளவு எளிதாக இடம் தருவதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனத்திடமிருந்து பெற்ற பொருளிலோ பணியிலோ குறை இருந்தால், பெற்ற 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்க வேண்டும். இல்லையெனில், பெற்ற நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். அதிலிருந்து 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க எந்த ஒப்பந்தமும் இடம் தராது. மீறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். எங்கள் போல்ட் முறிந்தது முலாமிட்டு வந்த ஏழாம் வாரம். 15 நாட்கள் எப்போதோ கடந்துவிட்டன. பில்லை முழுவதும் செலுத்தினோம்.

பொருளைப் பெற்ற பின் வெளிப்படும் இத்தகைய குறைக்குச் சட்டம் தரும் கால அளவு மிகக் குறுகியது. ஆனால் 48 மணி நேர முறுக்குச் சோதனை அந்த 15 நாட்களுக்குள் அடங்கும். இப்போது ஒவ்வொரு 12.9 லாட்டிலிருந்தும் சில போல்ட்டுகளை வந்த அன்றே முறுக்கி வைக்கிறோம். மூன்றாம் நாள் பார்த்து, கையொப்பமிட்ட பின்னரே லாட் வெளியே செல்கிறது. இச்சோதனை தணிக்கைக்கு மாற்று அன்று, அதன் துணை.

அடுத்த ஆண்டுத் தணிக்கைக்கான கடிதத்தை நீங்கள் எழுத அமரும்போது, தேதிக்கான இடத்தை நிரப்புமுன் உங்கள் காவலரிடமிருந்து வாசல் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதை அது சொல்லும். எங்கள் கடிதத்தில் இவ்வாண்டும் புதன், மாலை 4 மணி என்றே எழுதியிருக்கிறோம்.